ஏசி வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர்

சித்திரை மாத மதியம், பாளையங்கோட்டையில் வெயிலில் நின்ற காரில் ஏறி ஏசியைப் போட்டதும் எல்லாரும் உள்ளங்கையை வென்ட்டின் முன்னால் நீட்டிப் பார்க்கிறோம். கையில் சில்லென்று பட்டால் ஏசி நன்றாக இருக்கிறது. படாவிட்டால் கேஸ் தீர்ந்துவிட்டது. பெரும்பாலான கார்களுக்கு இந்த அளவில்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது, அந்தத் தீர்ப்பை நம்பித்தான் பட்டறையில் பணமும் கொடுக்கப்படுகிறது.

கை இதில் நம்பத் தகுந்த சாட்சி அல்ல. வெயிலில் நின்று வேர்த்த கைக்கு 20 டிகிரிக் காற்று ஐஸ் போல இருக்கும். அரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்த பிறகு அதே 20 டிகிரிக் காற்று வெறும் மின்விசிறிக் காற்றாகத் தோன்றும். காற்று வேகமாக அடித்தால் கூடுதலாகக் குளிர்வது போலவும், மெதுவாக வந்தால் குளிர்ச்சி குறைந்தது போலவும் தெரியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வென்ட்டுக்குள் வைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். ஆனால் அது காட்டும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 12 டிகிரி என்பது ஒரு நாள் நல்ல எண். இன்னொரு நாள் கோளாறின் அடையாளம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

முதலில், வென்ட்டில் வரும் காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறு அலுமினியக் காயில் இருக்கிறது. பட்டறைகளில் அதைக் கூலிங் காயில் என்பார்கள். புளோயர் தள்ளும் காற்று அந்தக் காயிலின் மெல்லிய தகடுகளுக்கு இடையே நுழைந்து, குளிர்ந்து, வென்ட் வழியாக முகத்தில் அடிக்கிறது. காயிலுக்குள் திரவமாக வரும் கேஸ், அங்கே அழுத்தம் குறைந்ததும் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து, அழுத்தி, காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே ஃபேன் இழுக்கும் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு ஆவி மறுபடியும் திரவமாகிறது. காருக்குள் இருந்து எடுத்த வெப்பம் முழுவதும் கண்டென்சர் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். அங்கே வழி அடைபட்டால் கூலிங் காயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. பின்னால் வரும் கதைக்கு இது தேவைப்படும்.

வென்ட் காற்று எவ்வளவு வேண்டுமானாலும் குளிர்ந்துவிட முடியாது. கூலிங் காயிலின் மேல் எப்போதும் ஈரம் படிந்திருக்கும். காயில் 0 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ஈரம் பனிக்கட்டியாக உறைந்து காற்றின் வழியையே அடைத்துவிடும். அதைத் தடுக்கக் காயிலின் மேல் ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். உறைநிலையை நெருங்கியதும் அது கம்ப்ரஸரை நிறுத்தும். சில புதிய கார்களில் கம்ப்ரஸரின் வேலையைக் குறைக்கும். அதனால் எந்தக் காரிலும் வென்ட் காற்று 3, 4 டிகிரிக்குக் கீழே நிலையாக நிற்பதை எதிர்பார்க்கக் கூடாது.

இனி தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது உடல் வெப்பத்தை ஒட்டிய எண்களை மட்டுமே காட்டும். துப்பாக்கி போலப் பிடித்துச் சிவப்புப் புள்ளி அடிக்கும் வகையும் இந்த வேலைக்குச் சரியில்லை. அது எதிரில் இருக்கும் பொருளின் மேற்பரப்பை அளக்கும், காற்றை அளக்காது. வென்ட்டை நோக்கிப் பிடித்தால் அந்தப் பிளாஸ்டிக் தகட்டின் வெப்பத்தைத்தான் சொல்லும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் குளிர்வதற்கு நேரமாகும் என்பதால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். மீன் தொட்டிக்கு விற்கிறார்களே, நீண்ட ஒயரின் நுனியில் சிறிய முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர், அது போதும். சமையலுக்குப் பயன்படும், ஊசி போன்ற முனையுள்ள தெர்மாமீட்டரும் நன்றாக வேலை செய்யும்.

வாங்கியதும் அதை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸைப் போட்டு, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கிவிட்டு, முனையை நடுவில் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் உங்கள் தெர்மாமீட்டர் ஒரு டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று அதன் முதுகில் பேனாவால் எழுதிவிடுங்கள். தூக்கிப் போட வேண்டியதில்லை.

சோதனையை எப்போதும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். காரை நிழலில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையில் இருக்கும் நச்சுக் காற்றுக்கு வாசனையே கிடையாது. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போடுங்கள். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, உள்ளே அடைந்த சூடு போக இரண்டு நிமிடம் புளோயரை ஓடவிட்டு, பிறகு கண்ணாடிகளை ஏற்றுங்கள். குளிர்ச்சித் திருகை முழுக் குளிருக்கும், காற்றை முகத்துக்கும் வையுங்கள். வெளிக்காற்றை எடுக்காமல் காருக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் பொத்தானைப் போடுங்கள். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்குமே, அதுதான். புளோயர் வேகத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் வைத்தால் காற்று காயிலில் தங்கும் நேரம் குறைந்து எண் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். ஒரு மாதம் இரண்டாம் வேகத்திலும் அடுத்த மாதம் நான்காம் வேகத்திலும் அளந்துவிட்டு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தெர்மாமீட்டர் முனையை டேஷ்போர்டின் நடு வென்ட்டுக்குள் நான்கைந்து சென்டிமீட்டர் உள்ளே விட்டு, பிளாஸ்டிக்கில் தொடாதபடி நிறுத்துங்கள். ஓர வென்ட்டுகளுக்குக் காற்று நீண்ட குழாய் வழியாக வருவதால் அங்கே ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. பத்து நிமிடம் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு முதல் எண்ணை எழுதுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்து 1500 ஆர்பிஎம்மில் மூன்று நான்கு நிமிடம் பிடித்திருந்து இரண்டாவது எண்ணை எழுதுங்கள். அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணும் வேண்டும்: காருக்கு வெளியே, முன்பக்கக் கிரில்லின் அருகே, நிழலில் இருக்கும் வெப்பநிலை. அது இல்லாமல் மற்ற இரண்டையும் படிக்க முடியாது.

எண் ஓரிடத்தில் நிற்காமல் 8, 9, 10, மறுபடியும் 8 என்று ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும் கார்களில் அது இயல்பு. மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு காட்ட வேண்டும்? சிறிய, நடுத்தரக் கார்களில் நான் அளந்து பார்த்த வரையில், நிழல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கும்போது 5 முதல் 8 வரையிலும், 30 முதல் 33 வரை இருக்கும்போது 7 முதல் 11 வரையிலும், சித்திரை வைகாசியில் 36 முதல் 40 வரை போகும்போது 9 முதல் 14 வரையிலும் 1500 ஆர்பிஎம்மில் கிடைத்தால் ஏசி சரியாக இருக்கிறது. ஐடிலில் இதைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கலாம். உங்கள் காரின் பட்டறைக் கையேட்டில் இதற்கான அட்டவணை இருந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணைகளில் வெப்பநிலையோடு ஈரப்பதத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. நெல்லைச் சீமையில் கார் ஓட்டுகிறவர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்; ஒரே நாளில் மூன்று விதமான காற்றுக்குள் நாம் போய்வருகிறோம்.

பாளையங்கோட்டையில் மதியம் 39 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் திருச்செந்தூர்க் கடற்கரையில் 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். எந்த ஊரில் ஏசிக்கு வேலை அதிகம்? பாளையங்கோட்டையில்தான் என்று சட்டென்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைகீழாக வருகிறது. பாளையங்கோட்டைக் காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 11 கிராம் நீராவி இருக்கும். திருச்செந்தூர்க் காற்றில் 24 கிராம். ஒரு கிலோ காற்று என்பது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி கொள்ளும் காற்றைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் காற்றை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதனால் 8 கிராமுக்கும் குறைவான நீராவியைத்தான் தாங்க முடியும். மீதி எல்லாம் கூலிங் காயிலின் மேல் தண்ணீராகப் படிந்தாக வேண்டும். பாளையங்கோட்டையில் கிலோவுக்கு மூன்று கிராமுக்குச் சற்று மேலே. திருச்செந்தூரில் 16 கிராம்.

நீராவி தண்ணீராகும்போது வெப்பத்தை விடுகிறது. ஒரு கிராம் நீராவி விடும் வெப்பம் ஒரு கிலோ காற்றை ஏறத்தாழ இரண்டரை டிகிரி சூடாக்கப் போதுமானது. 16 கிராம் என்றால் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அந்த வெப்பம் முழுவதையும் சேர்த்து வாங்கிக்கொண்ட பிறகுதான் காயிலால் காற்றைக் குளிர்விக்க முடியும். மொத்தத்தில், 33 டிகிரித் திருச்செந்தூர்க் காற்றை 10 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கு, 39 டிகிரிப் பாளையங்கோட்டைக் காற்றுக்கு வேண்டியதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். திருச்செந்தூரில் கோயிலுக்கு அருகே ஏசி ஓட நிற்கும் கார்களின் அடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழாமல் நூல் பிடித்தது போல ஓடிக்கொண்டிருக்கும். அதே கார் அன்று மதியம் வண்ணார்பேட்டையில் நிற்கும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள்தான் விழும். காரின் அடியிலிருந்து சுத்தமான தண்ணீர் ஒழுகுகிறதே என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காயில் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த தண்ணீர், ஒழுகத்தான் வேண்டும்.

ஆகவே கடலோரத்தில் ஏசியைப் போட்டதும் 13 காட்டினால் உடனே கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி இருபது நிமிடம் ஓடவிடுங்கள். காருக்குள் இருக்கும் ஈரம் வற்ற வற்ற எண் தானாக இறங்கும். இறங்கினால் ஏசி நன்றாகவே இருக்கிறது. மாறாக, ஆடியில் குற்றாலத்துக்குப் போய்ச் சாரலில் காரை நிறுத்திவிட்டு, 7 டிகிரி காட்டுகிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வதும் சரியில்லை. அங்கே வெளிக்காற்றே குளிர்ந்துதான் இருக்கிறது. கண்டென்சர் வெப்பத்தை எளிதாக விட்டுவிடும். பாதி அடைபட்ட கண்டென்சரும் அங்கே தேர்ச்சி பெற்றுவிடும். ஏசியின் உண்மையான பலத்தைப் பார்க்க வேண்டுமானால் நம் ஊரில் பங்குனி, சித்திரை மாத மதியம்தான் சரியான நேரம்.

இப்போது ஒரு காரின் கதையைச் சொல்கிறேன். சேரன்மகாதேவியில் இருக்கும் என் தாய்மாமா வைத்திருப்பது எட்டு வயதான சிறிய கார். வயலுக்கும் அதில்தான் போவார். பிசானம் அறுவடை முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஏசி குளிரவில்லை என்று ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார். கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பழைய கதை. மறுபடியும் கொஞ்சம் ஏற்றினார்கள். நான் போனபோது அவர் முகத்தில் அலுப்பு. "மாப்பிள்ளை, ரோட்டில் போகும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ரயில்வே கேட்டில் நின்றால் போதும், வெந்நீர்க் காற்று அடிக்கிறது. கம்ப்ரஸரை மாற்ற வேண்டும் என்கிறார்கள்" என்றார்.

ரோட்டில் நன்றாக இருக்கிறது, நின்றால் கெட்டுப்போகிறது என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. ஆனாலும் அளந்துவிடுவோம் என்று வேப்பமர நிழலில் காரை நிறுத்தச் சொன்னேன். நிழல் வெப்பம் 37. ஐடிலில் பத்து நிமிடம் ஓடியபின் நடு வென்ட்டில் 18. 1500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 17க்கு இறங்கியது. ஆனால் அங்கே நிற்காமல் இரண்டு நிமிடத்தில் 19க்கு ஏறிவிட்டது. நல்ல ஏசியில் ஆர்பிஎம்மை ஏற்றினால் எண் இறங்கி அங்கேயே நிலைக்க வேண்டும். கம்ப்ரஸர் வேகமாகச் சுற்றுவதால் உள்ளேயிருந்து கூடுதல் வெப்பத்தை இழுக்கிறது. அந்த வெப்பம் முன்பக்கத்தில் வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி, கூடுதல் வேலையே வினையாகிவிடும். பிறகு முக்கூடல் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினோம். எண் 11க்கு இறங்கியது. கம்ப்ரஸர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் ஓடும் காரிலும் இவ்வளவு கீழே வந்திருக்காது.

திரும்பி வந்து நிறுத்தி, எண் மறுபடியும் 18 ஆகும்வரை காத்திருந்தோம். பிறகு ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, செம்பால் மொண்டு, கிரில் வழியாகக் கண்டென்சரின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஃபேனுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகக் கூடாது; நின்றிருக்கும் ஃபேனும் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும். மாமா உள்ளே உட்கார்ந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். "பதினேழு… பதினைந்து… பதின்மூன்று…" மூன்று நிமிடத்தில் 12 வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியதும் மெல்ல மெல்ல 18க்கே திரும்பியது.

இந்தச் சோதனை தெளிவாகச் சொல்வது இதுதான்: காயிலும் கம்ப்ரஸரும் தங்கள் வேலையைச் செய்கின்றன, வெப்பம் கண்டென்சரை விட்டு வெளியேறுவதில்தான் தடை. கேஸ் மிகவும் குறைந்திருந்தால் தண்ணீர் ஊற்றி எண் இவ்வளவு இறங்காது. தடை இரண்டு வகையாக இருக்கலாம். ஃபேன் சுற்றாமல் இருக்கலாம், அல்லது ஃபேன் சுற்றியும் காற்று புகாமல் இருக்கலாம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு செய்தித்தாளைப் பாதியாகக் கிழித்துக் கிரில்லின் முன்னால் பிடித்தேன். நன்றாக இழுக்கும் காரில் தாள் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காரில் லேசாக அசைந்துவிட்டுக் கீழே விழுந்தது.

முன்னாலிருந்து குனிந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரிந்தது. அங்கேதான் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். மாமா நம்பும் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் அளந்த எண்களைக் காட்டினோம். அவர் மேலே இருந்த பிராக்கெட்டைக் கழற்றி, ரேடியேட்டரைச் சற்றே பின்னால் சாய்த்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்தார். அந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒரு கம்பளியை விரித்தது போல வைக்கோல் தூசி அப்பியிருந்தது. அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காய்கின்றன, அவற்றின் மேலேதான் கார் ஓடுகிறது. பொடி கண்டென்சரின் தகடுகளுக்கு இடையே புகுந்து, பின்னால் இருக்கும் ரேடியேட்டரில் போய்த் தங்கிவிடுகிறது. அண்ணாச்சி ஒரு கற்றையைப் பிடித்து இழுத்தபோது நெல் உமியும் பஞ்சும் பூச்சி இறகுமாகச் சேர்ந்து ஒரே துண்டாக உரிந்து வந்தது.

கார் கழுவும் வேகத் தண்ணீரை அதில் அடிக்கக் கூடாது; தகடுகள் கிழிந்த காகிதம் போல மடங்கி, இருக்கும் வழியையும் அடைத்துவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீரை, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போகும்படி விட்டுக் கழுவினார். காய்ந்த பிறகு அளந்தோம். ஐடிலில் 14. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் நான் எதிர்பார்த்தது இன்னும் ஒன்றிரண்டு குறைவு.

மீதிக் கணக்கையும் அண்ணாச்சியே தீர்த்தார். இரண்டு முறை கேஸ் ஏற்றியிருக்கிறார்களே, தேவையில்லாத இடத்தில் ஏற்றிய கேஸ் எங்கே போயிருக்கும்? இயந்திரத்தை மாட்டிக் கேஸ் முழுவதையும் வெளியே எடுத்து எடை பார்த்தார். பானட்டின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 450 கிராம் என்று இருந்தது. வெளியே வந்தது 560 கிராம். கூடுதல் கேஸ் கண்டென்சருக்குள் திரவமாக நிறைந்து நின்று, வெப்பம் விடுவதற்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கேஸ் கூடினாலும் வென்ட் காற்று சூடாகும் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. சரியாக 450 கிராம் அளந்து ஏற்றியபின் ஐடிலில் 12, 1500 ஆர்பிஎம்மில் 9, சாலையில் 7. அன்று நிழல் வெப்பம் 38. கம்ப்ரஸரில் யாரும் கை வைக்கவில்லை.

மாமாவின் காரில் எண் உண்மையைச் சொன்னது. எண் நன்றாக இருந்தும் கார் குளிராத சந்தர்ப்பமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வென்ட்டில் 4 டிகிரி காட்டும், ஆனால் பின் இருக்கையில் இருப்பவர்கள் வேர்த்துக்கொண்டிருப்பார்கள். காற்று எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நேரம் அது காயிலில் தங்கிக் கூடுதலாகக் குளிரும். ஆனால் குளிர்ந்த காற்று கொஞ்சமாக வந்தால் காரின் சூட்டை அதனால் வெளியேற்ற முடியாது. இதற்குப் பெரும்பாலும் காரணம், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டர். செம்மண் தேரிப் பக்கமும் கல்குவாரிப் பக்கமும் போய்வரும் கார்களில் அது சீக்கிரமே அடைந்துவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். காற்று பலமாக அடித்து, எண் 4லிருந்து 8க்கு ஏறி, கார் முன்னைவிட விரைவாகக் குளிர்ந்தால், புது ஃபில்டர் வாங்கிப் போடுங்கள். எண் ஏறியது நல்ல அறிகுறியாக இருக்கும் ஒரே இடம் இதுதான். தெர்மாமீட்டர் காற்றின் அளவைச் சொல்லாது. அதைக் காதாலும் கையாலும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும்.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று. திருநெல்வேலியில் கிளம்பும்போது 6 காட்டும். வள்ளியூர் தாண்டுவதற்குள் காற்று மெலிந்து, எண் 15, 18 என்று ஏறிவிடும். புளோயர் இரைகிறது, காற்று வரவில்லை. வழியில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் நன்றாகக் குளிரும், காரின் அடியில் குளம் கட்டியிருக்கும். கூலிங் காயில் பனிக்கட்டியாக உறைந்து, நிறுத்தியிருந்த நேரத்தில் உருகிவிட்டது என்று இதற்குப் பொருள். உறையாமல் காக்க வேண்டிய சென்சார் தவறுகிறது, அல்லது அடைந்த ஃபில்டரால் காயிலுக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. வழியில் இப்படி நேர்ந்தால் ஏசியை அணைத்துவிட்டுப் புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பத்து நிமிடச் சோதனையில் இந்தக் கோளாறு பிடிபடாது. ஒரு மணி நேரம் ஓட்டியபின் அளந்தால்தான் தெரியும்.

கடைசியாக, தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு எங்கே நின்றுவிட வேண்டும் என்பது. பத்து நிமிடம் ஓடியும் வென்ட் காற்று காருக்குள் இருக்கும் காற்றைவிட நாலைந்து டிகிரிதான் குறைவாக இருக்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் அசையவில்லை, சாலையிலும் அப்படியே என்றால், கேஸ் கசிந்திருக்கலாம், கம்ப்ரஸர் பிடிக்காமல் இருக்கலாம், ஹீட்டரின் சூட்டுக் காற்றை மறிக்கும் கதவு முழுவதும் மூடாமல் இருக்கலாம். இவற்றில் எது என்று வென்ட் எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டித்தான் சொல்ல வேண்டும். அது பட்டறை வேலை. கேஸ் பாய்ந்தால் கையையும் கண்ணையும் உறைய வைத்துவிடும் என்பதால் வீட்டில் அந்தக் குழாய்களைத் தொடவே கூடாது.

பட்டறைக்குப் போகும்போது நிழல் வெப்பம், ஐடில், 1500 ஆர்பிஎம், சாலை ஆகிய நான்கு எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேஸ் குறைவு என்றால், கசிவு எங்கே என்று கேளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல ஓடி ஓடித் தீர்வதில்லை. கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஏற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கரில் இருக்கும் கிராம் அளவுக்கே ஏற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்னால், அங்கேயே நிழலில் நிறுத்தி, அதே வென்ட்டில், அதே புளோயர் வேகத்தில் ஒருமுறை அளந்துவிடுங்கள். மாமா இப்போது அந்தத் தாளைக் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறார். அறுவடை முடிந்ததும் தண்ணீர் ஹோஸை எடுப்பதற்கு முன்னால் அதில் ஒரு வரி சேர்க்கிறார், கழுவி முடித்தபின் இன்னொரு வரி.